புள்ளி போதாத பொருளடக்கம்

நான் எழுதிய ஒரே புத்தகம் ரவிக்கை தைப்பதைப் பற்றியது. சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பெண்களின் ரவிக்கை அக்குளில் பிடிக்காமல் இருந்தால் சரி.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் மாதர் சங்கத்துக்காகத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நடவு, களை எடுப்பு இல்லாத நாட்களில் சுற்று ஊர்ப் பெண்கள் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒரே கேள்வியை மூன்றாவது ஆள் கேட்கும்போது நான் கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கிற சத்தமே மாறிவிடும். தொண்டைத் தண்ணீர் வற்றுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றித்தான் எழுத ஆரம்பித்தேன்.

கேள்விகளையே தலைப்பாக வைத்தேன். "கையைத் தூக்கினால் ரவிக்கையும் கூடவே ஏறுகிறதே, ஏன்?" "அளவு கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு எப்படித் தைப்பது?" இப்படி. தலைப்பு நீளம்தான். ஆனால் கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். புத்தகத்தைத் திறந்ததும் தன் வாயிலிருந்து வந்ததே அச்சில் இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்பது என் கணக்கு. எனக்கு அந்தப் புத்தகத்தில் முக்கியமாகப் பட்டது அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. பேச்சில் "ஐயா"; கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எதிலாவது அச்சானால் "ஆசிரியர் அவர்கள்". நான் எங்கே போனாலும் தையல் டீச்சர். புத்தகத்தின் ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக் கொடுத்தார். என் கேள்விகளைப் பார்த்து மூக்கைச் சுளித்தாலும் கை வைக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அணிந்துரை எழுதித் தருகிறேன் என்று அவராகவே சொன்னபோதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அச்சடித்தது கடைத்தெருவில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில். முதலாளியும் அவரே, எழுத்துக் கோக்கிறவரும் அவரே. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், இவைதான் அவருடைய வழக்கமான வேலை. எப்போதோ ஒரு தலபுராணம் அடித்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் பெரிய அச்சகங்கள் இருந்தன. ஆனால் புரூஃப் பார்க்க ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி யார் போவது?

அவரிடம் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் வரும். எட்டுப் பக்கம் கோப்பார், அடிப்பார், அடித்து முடித்ததும் எழுத்தைப் பிரித்து அறை அறையாகப் போட்டுவிட்டு அடுத்த எட்டுக்குப் போவார். அதனால் அடித்துப் போன பக்கத்தில் எதையும் மாற்ற முடியாது. எந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதும் புத்தகம் முழுக்க அடித்து முடிந்த பிறகுதான் தெரியும். புத்தகத்தில் முதலில் வருகிற பக்கங்களைக் கடைசியில் அச்சடிப்பது இதனால்தான். எனக்கு அது விநோதமாக இருந்தது. பிறகு யோசித்தால், பாவாடைக்கு நாடா கோப்பதும் கடைசியில்தானே.

முகப்புக்கென்று எட்டுப் பக்கம் ஒதுக்கினோம். முதல் பக்கம் புத்தகத்தின் பெயரும் என் பெயரும். அதன் முதுகில் உரிமைப் பக்கம்: முதற் பதிப்பு, விலை, தாள், எழுத்தின் அளவு, உரிமை யாருக்கு, வெளியிட்டவர் யார், அச்சிட்டவர் யார். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லாமல் புத்தகம் வெளியே போகக் கூடாது, அது சட்டம் என்று அச்சகக்காரர் இரண்டு தடவை சொன்னார். மாதிரிக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்திருந்தோம். அதில் இருந்தபடியே "உரிமை: ஆசிரியருக்கே" என்று கோத்திருந்தார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற வரி. நான் அதை நின்றுகூடப் படிக்கவில்லை.

சிக்கல் வந்தது அணிந்துரையால். சங்க காலத்தில் பஞ்சு நூற்ற பெண்டிரில் ஆரம்பித்து, பாம்புத் தோல் போன்ற துணி, பாலாவி போன்ற துணி என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் நடந்த நடையில், ரவிக்கைக்கு வந்து சேருவதற்குள் ஐந்து பக்கம் ஆகிவிட்டது. பெயர்ப் பக்கம் ஒன்று, உரிமைப் பக்கம் ஒன்று, அணிந்துரை ஐந்து. மிச்சம் ஒரே ஒரு பக்கம். என் கேள்விகள் இருபத்துச் சொச்சம்; பாதிக்கு மேல் இரண்டு வரி ஓடும். பொருளடக்கம் ஒரு பக்கத்தில் அடங்காது.

அதை அவர் எனக்குத் தெரியாமலே தீர்த்துவைத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, உதவி செய்வதாக நினைத்துத்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில் அச்சகத்துக்குப் போய், எல்லாத் தலைப்பையும் ஒற்றை வரியாகச் சுருக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். புரூஃப் வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். "கையைத் தூக்கினால்" என்ற கேள்வி "அக்குள் அமைப்பு" ஆகியிருந்தது. கூச்சப்படுகிறவர்களைப் பற்றியது வெறும் "அளவெடுத்தல்".

"உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணா?" என்றேன்.

"பொருளடக்கம் என்பது சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். பார், எவ்வளவு அழகாக நிற்கிறது" என்றார்.

அழகாகவும் நிற்கவில்லை. தலைப்பு முடிந்த இடத்திலிருந்து பக்க எண் வரைக்கும் புள்ளி புள்ளியாகப் போகுமே, அந்தப் புள்ளிகள் மேல் பாதியில் ஒழுங்காக, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பக்கத்தின் நடுவில் திடீரென்று வேறு புள்ளிகள் வந்துவிட்டன. கொஞ்சம் பெரியவை, கரியவை, ஒன்றோடொன்று நெருங்கியவை. அவை பக்க எண் வரைக்கும் போய்ச் சேரவும் இல்லை. சில வரியில் எண்ணுக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அன்று மதியம் வகுப்புக்கு வந்தவர்களில் திருப்புலிவனத்துப் பெண் ஒருத்தி. கைக்குழந்தைக்காரி, வரப்புக்கு அண்டை போடப் போவாள், நாற்று நடப் போவாள், வேலை இல்லாத நாளில் இங்கே வருவாள். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டு புதிதாகப் படிக்க ஆரம்பித்திருந்தாள். புத்தகத்தில் ஒரு கேள்வி அவளுடையது. "பால் கொடுக்கிறவளுக்கு ரவிக்கைக் கொக்கி தெறித்துக்கொண்டே இருக்கிறதே, என்ன செய்வது?" அவளிடம் புரூஃபைக் கொடுத்து, உன் கேள்வி எங்கே இருக்கிறது பார் என்றேன். எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் அதை இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டும் போல் இருந்தது.

மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

"இன்னாக்கா, பாலுன்னே ஒரு எடத்துலயும் இல்ல. என் ஜாக்கெட்டு எங்க கீது?"

"மகளிர் மேலாடை, முன் திறப்பு" என்று இருந்த வரியைக் காட்டினேன். அதைப் படித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. இது தன்னுடையது என்று அவள் நம்பவில்லை, நான் சொல்வதால் ஒப்புக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். புள்ளிமேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனாள். அந்த வரியில் பள்ளம். பள்ளத்துக்கு வந்ததும் விரல் சறுக்கிக் கீழ் வரிப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதன் எண்ணில் போய் நின்றது. அவள் சொன்ன பக்கத்தில் இருந்தது பட்டன் ஓட்டை.

எனக்கு அழுகை வந்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும். அதனால்தான் மற்றவர் முன்னால் கோபப்படப் பிடிக்காது. புரூஃபை மடித்து எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வாங்க, அச்சாபீஸுக்குப் போகலாம் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்றார். வந்து குடிக்கலாம் என்றேன். வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாமல் வந்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

அச்சகக்காரர் எழுந்து நின்று அவருக்கு ஸ்டூல் போட்டார். நான் புரூஃபை விரித்து, இதென்ன புள்ளி என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கறீங்க டீச்சரம்மா, பேஜார். ஐயா குடுத்த தலைப்புலாம் குட்டை குட்டையா கீது. ஒவ்வொரு வரிக்கும் முக்காவாசி புள்ளிதான் போடணும். எங்கிட்ட கீற தமிழ்ப் புள்ளி பாதிலயே தீந்து பூட்ச்சி. அப்பறம் இங்கிலீஷ் கேஸ்லேர்ந்து எடுத்துப் போட்டேன். அதோட அகலம் வேற. கணக்குக்கு வரல. மிச்ச எடத்துக்கு வெறும் ஸ்பேஸ் போட்டு அடைச்சிக்கினேன்."

"எல்லாம் ஒரே புள்ளியா இருந்தா?"

"பிரச்சினையே இல்ல. எண்ண வலது ஓரத்துல நிக்க வச்சிட்டு, அங்கேர்ந்து இடதாண்ட புள்ளிய அடுக்கிக்கினு வரணும். ஒத்தை எண்ணுக்கு முன்னாடி ஒரு எண் அகலத்துக்கு எடம் உடணும். அப்பதான் மேல கீழ ஒரே கோட்டுல நிக்கும். மிச்சம் மீதிய தலைப்பு முடியற எடத்துல சரி பண்ணிக்கலாம், அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

நான் என் கேள்விகளை எழுதிய தாளைக் கொடுத்தேன். அவர் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் வரி முழுக்கத் தலைப்பு, இரண்டாவது வரியில் பாதியோ முக்காலோ தலைப்பு, மிச்சத்துக்குத்தான் புள்ளி.

"இத்தப் போட்டா புள்ளி தாராளமா வரும். மீந்தும் போவும்" என்றார். "ஆனா ரெண்டு பக்கம் ஆவும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலைப்பு நீளம் என்று எல்லோரும் சொன்னதற்கு, கடைசியில் அந்த அச்சகத்துப் புள்ளிகள் மட்டும் என் கட்சி.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளடக்கத்தைப் புத்தகத்தின் கடைசியில் போடலாமே என்றார். கடைசி எட்டுப் பக்கமும் நிறைந்து, அடித்து, மடித்துக் கட்டியும் வைத்தாயிற்று. ஒரு தனித்தாளில் அடித்து உள்ளே ஒட்டிவிடலாமா என்றார். நாலு தடவை புரட்டினா கழண்டுக்கினு வந்துடும் என்றார் அச்சகக்காரர். மிச்சம் இருந்தது அணிந்துரை மட்டும்தான். அதைச் சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. ஒரு வாரம் தூங்காமல் எழுதியவரிடம் ஒரு பக்கத்தை எடு என்று எப்படிச் சொல்வது?

அச்சகக்காரர் இங்கும் அங்கும் பார்த்தார். என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. புக்கோட உரிமை உங்களுதுன்னு போட்டுக்கீது. நீங்க சொன்னா நான் அப்படியே அடிச்சிடறேன்."

"என் உரிமையா?" என்றார் இவர்.

"ஆமாங்க. 'உரிமை ஆசிரியருக்கே'ன்னு போட்டுக்கீதே. நீங்கதானே ஆசிரியரு?"

"எழுதினது நான்" என்றேன்.

"தெரியுங்கம்மா. எழுதனது நீங்க, வெளியிடறதும் நீங்க. உரிமை மட்டும் ஐயாவுது. நாத்து நடறது பொம்பளைங்க, பட்டா ஆம்பள பேர்ல இல்லியா, அந்த மாதிரி வச்சிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. உலகத்தில் நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஆசிரியர் என்றால் நூலை இயற்றியவர், அது ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொது என்று இவர் விளக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பத்து வருஷமாகத் தன்னை ஆசிரியர் என்றே அச்சடித்துக் கொடுத்த மனிதரிடம் எந்த இலக்கணத்தைச் சொல்வது? இவர் முகம் வெளிறிப் போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அணிந்துரையின் புரூஃபை மடிமேல் வைத்துக்கொண்டு பஞ்சு நூற்ற பெண்டிரை ஒரே கோட்டில் அடித்தார். பாம்புத் தோலை அடித்தார். பாலாவியில் கொஞ்சம் தயங்கினார்; அதையும் அடித்தார். ஒரு பக்கம் போயிற்று. "மிச்சம் நாலு பக்கம் இருக்கும். பொருளடக்கம் அவள் எழுதினபடி ரெண்டு பக்கம் போட்டுடுப்பா" என்றார். அடித்த இடங்களை நான் வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல தமிழ். அதைச் சொன்னேன். தெரியும் என்றார்.

"அந்த உரிமை வரி?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"அதையும் மாற்று."

"இன்னான்னு?"

இவர் என்னைப் பார்த்தார். "சொல்லு."

வீடு மாமனார் பெயரில், ரேடியோ லைசென்ஸ் இவர் பெயரில், ரேஷன் கார்டும் இவர் பெயரில். ஒரு பொருள் யாருடையது என்று எழுத என்னிடம் யாரும் வாசகம் கேட்டதே இல்லை. கடைசியில், "உரிமை, எழுதியவளுக்கு" என்றேன்.

இவர் உடனே நிமிர்ந்தார். "எழுதியவருக்கு. அச்சில் 'அவள்' என்று வரலாமா? நூலாசிரியருக்கு மரியாதைக் குறைவு."

அச்சகக்காரர் 'எழுதியவ' வரைக்கும் கோத்துவிட்டு, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். "ரு-வா, ளு-வா? ஒரே ஒரு எழுத்துதான், சொல்லுங்க."

"ரு போட்டா மறுபடியும் நீங்கதான்னு நினைப்பாங்க" என்றேன் இவரிடம். "மரியாதையை வேற எங்கேயாவது வாங்கிக்கிறேன். இங்கே ஆள் அடையாளம் தெரிஞ்சா போதும்."

இவர் பென்சிலைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார். மறுக்கவில்லை. அச்சகக்காரர் கையை நீட்டி, பார்க்காமலே, அதற்கான அறையிலிருந்து ளு-வை எடுத்தார்.

புத்தகம் தைத்து, அட்டை போட்டு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கப் பொருளடக்கத்தில் புள்ளிகள் மேலும் கீழும் ஒரே கோட்டில் நின்றன. முதல் கட்டைப் பிரித்ததும் திருப்புலிவனத்துப் பெண்ணுக்கு ஒன்று கொடுத்தேன். நேரே பொருளடக்கத்துக்குப் போய்ப் பாலைத் தேடுவாள் என்று பார்த்தால், அவள் அட்டையிலிருந்து ஒரு எழுத்தையும் விடாமல் படித்துக்கொண்டு வந்தாள். உரிமைப் பக்கத்தில் தாள், அளவு, விலை எல்லாவற்றையும் படித்தாள். உரிமை வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். ளு-வில் வந்து நின்று தலையைத் தூக்கினாள்.

"எழுதனவள்னா நீதானக்கா?"

"ஆமாம்."

"உரிமைன்னா, பட்டா மாதிரி?"

"அப்படித்தான்."

மறுபடி ஒரு தடவை அந்த வரியைப் படித்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: "அக்கா, யாரு வந்து கேட்டாலும் இத்த மட்டும் எழுதிக் குடுத்துடாத."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாட்டேன் என்றேன்.